மலையை மெமரியில் வைப்பது: ஒரே துண்டாகவா, வரிசை வரிசையாகவா?

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு பூமியின் மேடுபள்ளங்களை அளந்தது. அந்த அளவீடுகள் இன்று சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டுக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் `N11E076.hgt`. அட்சரேகை 11 முதல் 12 வரை, தீர்க்கரேகை 76 முதல் 77 வரை உள்ள நிலம் அது. ஊட்டி, குன்னூர், கூடலூர், முதுமலை எல்லாம் அதற்குள் அடக்கம். 3601 வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் 3601 எண்கள். ஏறத்தாழ முப்பது மீட்டருக்கு ஓர் எண். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று அது சொல்லும். ஓர் எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் கோப்பின் அளவு 2,59,34,402 பைட். தலைப்பு, முன்னுரை எதுவும் இல்லை; முதல் பைட்டிலிருந்தே உயரங்கள்தான்.

இதைப் படித்து மெமரியில் வைக்க சி மொழியில் ஒரு புரோகிராம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரிசையும் பத்தியுமாக உள்ள தகவல் என்பதால் இரட்டைப் பரிமாண அரே வேண்டும். எந்த வரிசை, எந்தப் பத்தி என்று கேட்டால் `h[i][j]` என்று உயரம் கிடைக்க வேண்டும். ஆனால் `int16_t h[3601][3601];` என்று ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதிவிட முடியாது. இதே அளவீட்டில் 1201 வரிசை கொண்ட சிறிய கோப்புகளும் உண்டு. எந்த அளவு என்பது கோப்பைத் திறந்து பார்த்த பிறகே தெரியும். தவிர, லினக்ஸில் ஒரு புரோகிராமின் ஸ்டாக் வழக்கமாக 8 மெகாபைட்தான். அதில் 26 மெகாபைட்டை வைக்கப் பார்த்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆகவே ஓடும்போதே `malloc` மூலம் இடம் கேட்டு வாங்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டிலும் `h[i][j]` என்றே எழுதலாம் என்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளே நடப்பதோ முற்றிலும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் பிழைகளை எழுத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மெமரியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் புரியும்.

தெருவும் கதவு எண்களும்

கணினியின் மெமரியை ஒரே நீளத் தெருவாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண். அந்தத் தெருவில் மேலும் கீழும் கிடையாது, முன்னும் பின்னும் மட்டும்தான். `malloc` என்பது அடுத்தடுத்த இத்தனை வீடுகள் வேண்டும் என்று கேட்பது. முதல் வீட்டின் கதவு எண் பதிலாக வரும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும் மாறிதான் பாயிண்டர். இரட்டைப் பரிமாணம் என்பது நம் மனதில் இருக்கும் வடிவம். அதை இந்த ஒற்றைத் தெருவில் எப்படி இறக்குவது என்பதுதான் பிரச்சினை.

முதல் வழி, வரிசைக்கு ஒரு துண்டாக இடம் வாங்குவது:

```c
int16_t **h = malloc(n * sizeof *h);
for (size_t i = 0; i < n; i++)
    h[i] = malloc(n * sizeof *h[i]);
```

முதல் `malloc` வாங்குவது உயரங்களுக்கான இடம் அல்ல. 3601 பாயிண்டர்களுக்கான ஒரு பட்டியல். 64 பிட் கணினியில் ஒரு பாயிண்டர் 8 பைட். அதன் பிறகு 3601 தடவை தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் 7202 பைட் வாங்குகிறோம். அந்த வரிசைகள் தெருவில் எங்கே கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. கிடைத்த இடத்தின் கதவு எண் பட்டியலில் பதிவாகும்.

இரண்டாவது வழி, மொத்தத்தையும் ஒரே துண்டாக வாங்குவது:

```c
int16_t *h = malloc(n * n * sizeof *h);
/* உயரம்: h[i * n + j] */
```

இங்கே பட்டியல் எதுவும் இல்லை. முதல் வரிசை முடிந்த அடுத்த வீட்டிலேயே இரண்டாம் வரிசை தொடங்கும். எந்த எண் எங்கே இருக்கிறது என்பதைப் பெருக்கிக் கூட்டித் தெரிந்துகொள்கிறோம்.

தொட்டபெட்டாவைத் தேடிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அந்தச் சிகரம் சுமாராக 11 டிகிரி 24 நிமிட அட்சரேகையிலும் 76 டிகிரி 44 நிமிடத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. கோப்பின் முதல் வரிசை வடக்கு ஓரம், அதாவது 12 டிகிரி. ஒரு நிமிடத்துக்கு 60 எண்கள். வடக்கிலிருந்து 36 நிமிடம் இறங்கினால் 2160ஆம் வரிசை. மேற்கிலிருந்து 44 நிமிடம் நகர்ந்தால் 2640ஆம் பத்தி. இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறோம்.

ஒரே துண்டாக இருந்தால் 2160 × 3601 + 2640 = 77,80,800. துண்டின் தொடக்கத்திலிருந்து அத்தனையாவது எண், அதாவது 1,55,61,600 பைட் தள்ளி, நேராகப் போய் எடுத்துவிடலாம். வரிசை வரிசையாக இருந்தால் முதலில் பட்டியலின் 2160ஆம் பாயிண்டரைப் படிக்க வேண்டும். அதில் இருக்கும் கதவு எண்ணுக்குப் போய், அங்கிருந்து 2640 எண்கள் தள்ளிப் படிக்க வேண்டும். முன்னதில் ஒரு கணக்கு, மெமரியை ஒரு தடவை படிப்பது. பின்னதில் மெமரியை இரண்டு தடவை படிப்பது.

இடமும் வேகமும்

இரண்டு தடவை படிப்பதால் வரிசைத் துண்டுகள் மிகவும் மெதுவாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. நம் மலைக் கோப்பைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. ஒரு வரிசையில் மேற்கிலிருந்து கிழக்காகப் போகும்போது பட்டியலை ஒரு தடவை பார்த்தால் போதும். அதன் பிறகு 3601 எண்களும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன. பிராசஸர் மெமரியை 64 பைட் கொத்தாகத்தான் எடுத்து வரும். ஒரு கொத்தில் 32 உயரங்கள். ஒன்றைக் கேட்டால் மற்ற 31ம் கூடவே வந்துவிடும். இது இரண்டு வழிக்கும் பொது. வடக்கிலிருந்து தெற்காக, பத்தியோடு இறங்கினால் இரண்டு வழியிலும் நஷ்டம்: ஒவ்வொரு கொத்திலும் ஓர் எண்ணை மட்டும் பயன்படுத்திவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். ஆகவே அகலமான வரிசைகள் உள்ள அரேயில், வரிசை வழியே நடக்கிறோமா பத்தி வழியே நடக்கிறோமா என்பதுதான் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கும்.

இட விரயமும் இங்கே சொற்பம். லினக்ஸின் வழக்கமான நூலகமான glibc, ஒவ்வொரு `malloc` துண்டோடும் 8 பைட் தன் கணக்குக்காக வைத்துக்கொள்கிறது. பிறகு மொத்தத்தை 16இன் மடங்காக உயர்த்துகிறது. 7202 பைட் கேட்டால் 7216 பைட் செலவாகும். வரிசைக்கு 14 பைட் கூடுதல், அதனுடன் பாயிண்டர் பட்டியல். எல்லாம் சேர்த்தும் 26 மெகாபைட்டில் 80 கிலோபைட்டைத் தொடாது.

வரிசைகள் குட்டையாக இருந்தால் கதை மாறுகிறது. பத்து லட்சம் இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என மூன்று `double` எண்கள் வைக்கிறோம் என்று கொள்வோம். ஒரு வரிசை 24 பைட். ஒரே துண்டில் மொத்தம் 24 மெகாபைட். வரிசைக்கு ஒரு `malloc` போட்டால் ஒவ்வொன்றும் 32 பைட் ஆகும். பட்டியலுக்கு இன்னொரு 8. மொத்தம் 40 மெகாபைட். அதோடு மூன்று எண்களைப் படிக்க ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்த்துவிட்டு வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட அரேக்களுக்கு ஒரே துண்டைத் தவிர வேறு யோசனையே தேவையில்லை.

சாய்ந்துபோன மலை

இரண்டு வழிகளையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? உயரங்களில் சில திருத்தங்கள் செய்து, மீண்டும் கோப்பாக எழுதுகிறோம்:

```c
fwrite(h, sizeof(int16_t), n * n, fp);
```

`h` ஒரே துண்டாக இருந்தால் இது மிகச் சரி. ஆனால் `h` பாயிண்டர் பட்டியலாக இருந்தால், பட்டியல் தொடங்கும் வீட்டிலிருந்து 2,59,34,402 பைட்டை அப்படியே அள்ளிக் கொட்டுகிறோம். கம்பைலர் முணுமுணுக்காது; `fwrite` எந்தப் பாயிண்டரையும் ஏற்கும். புரோகிராமும் பெரும்பாலும் சாகாது. கோப்பின் அளவும் துல்லியமாக வரும்.

வந்த கோப்பைப் படமாகத் திறந்தால்தான் விஷயம் வெளியாகும். புதிதாகத் தொடங்கிய புரோகிராமில் எல்லா வரிசைகளையும் ஒரே மூச்சில் வாங்கியிருந்தால், அவை தெருவில் பெரும்பாலும் பட்டியலையொட்டி அடுத்தடுத்தே அமைந்துவிடும். பட்டியல் 28,808 பைட்; அது படத்தில் சரியாக நான்கு வரிசைக்குச் சமம். ஆகவே மேலே நான்கு வரிசை வெறும் குப்பையாக, அதாவது கதவு எண்களாக இருக்கும். அதன் கீழே மலைகள் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் இடையே அந்த 14 பைட் சேர்ந்திருப்பதால், வரிசைக்கு ஏழு புள்ளி வீதம் படம் வலது பக்கம் சாய்ந்துகொண்டே போகும். வலது ஓரத்தைத் தாண்டியது இடது ஓரத்தில் மறுபடி நுழையும். மேலிருந்து கீழே வருவதற்குள் ஏழு சுற்று சுற்றிவிடும்.

இப்படிச் சீராகச் சாய்ந்த படத்தைப் பார்த்தால் உயரங்களில் தப்பு இல்லை, வரிசைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். படம் நேராக இருந்து, எண்கள் மட்டும் தாறுமாறாக இருந்தால் அது வேறு நோய். இந்தக் கோப்பில் ஓர் எண்ணின் பெரிய பைட் முதலில் வரும்; இன்டெல் வகைப் பிராசஸர்கள் சிறியது முதலில் என்று படிக்கும். பைட்டை மாற்றிப்போட மறந்தால் 2637 மீட்டர் தொட்டபெட்டா 19,722 ஆகிவிடும்.

எதிர்த் திசையிலும் குழப்பம் வரும். ஒரு ஃபங்ஷன் `int16_t **` கேட்கிறது. நாம் ஒரே துண்டின் பாயிண்டரைக் கொடுக்கிறோம். கம்பைலர் வகை பொருந்தவில்லை என்று சொல்லும்; 2024இல் வந்த ஜிசிசி 14 இதை எச்சரிக்கையாக அல்லாமல் பிழையாகவே நிறுத்திவிடுகிறது. அதன் வாயை அடைக்க `(int16_t **)` என்று வகையை மாற்றி எழுதினால், முதல் நான்கு உயரங்களின் எட்டு பைட்டையும் ஒரு கதவு எண் என்று நம்பி புரோகிராம் அங்கே போகும். அப்படி ஒரு வீடு தெருவில் இருக்காது. வருவது செக்மென்டேஷன் ஃபால்ட். கம்பைலர் சொல்வது தொந்தரவல்ல. அது இந்த இரண்டு அமைப்புகளும் வேறு என்று சொல்லும் ஒரே இடம்.

திருப்பிக் கொடுப்பது

வாங்கிய இடத்தைத் திருப்பித் தருவதில் ஒரே துண்டு எளிது. `free(h)` ஒன்று போதும். வரிசைத் துண்டுகளில் முதலில் 3601 வரிசைகளையும் ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில்தான் பட்டியலை விட வேண்டும். பட்டியலை முதலில் விட்டால் மற்ற கதவு எண்கள் போய்விடும். `free(h)` மட்டும் எழுதிவிட்டு நிறைய பேர் முடிந்தது என்று போய்விடுகிறார்கள். வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியில் ஓட்டினால் இப்படிச் சொல்லும்:

```
definitely lost: 25,934,402 bytes in 3,601 blocks
```

ஒரு சதுரத்துக்கு இது தெரியாது. நூறு சதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் புரோகிராமில் இரண்டரை கிகாபைட் இப்படிக் காணாமல் போயிருக்கும்.

ஒரே துண்டின் பலவீனங்கள்

ஒரே துண்டுக்கும் குறைகள் உண்டு. முதலாவது, எல்லை தாண்டுவது தெரியாமல் போவது. சுழலில் `j < n` என்பதற்குப் பதில் `j <= n` என்று எழுதிவிட்டால் 3601ஆம் பத்தி என்று இல்லாத ஒன்றைத் தொடுகிறோம். ஒரே துண்டில் அந்த இடம் அடுத்த வரிசையின் முதல் எண். அது நமக்குச் சொந்தமான வீடுதான் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். தப்பான உயரம் அமைதியாகக் கணக்கில் சேரும். வரிசைகள் தனித்தனியாக இருந்தால், `-g -fsanitize=address` என்று சேர்த்துக் கம்பைல் செய்த புரோகிராம் அந்த நொடியே நின்று, எந்த வரியில் தாண்டினோம் என்று காட்டிவிடும். ஒரே துண்டில் கடைசி வரிசையைத் தாண்டினால் மட்டுமே அது பிடிபடும்.

இரண்டாவது, பெருக்கல். `i * n + j` என்பதில் எல்லாம் `int` என்று அறிவித்திருந்தால், விடை 2,14,74,83,647ஐத் தாண்டக் கூடாது. ஒரு சதுரத்துக்கு அந்தக் கவலை இல்லை. பல சதுரங்களை ஒட்டும்போது வரும். அடுத்தடுத்த சதுரங்கள் ஓர் ஓரத்தைப் பகிர்ந்துகொள்வதால், 12க்கு 12 ஒட்டினால் 43,201 வரிசை, பெருக்கினால் 1,86,63,26,401. இதுவரை ஓடும். 13க்கு 13 என்றால் 46,801 வரிசை, 2,19,03,33,601. எல்லை தாண்டிவிட்டது. விடை பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகப் புரண்டு, புரோகிராம் தெருவுக்கு வெளியே போய் விழும். சிறிய வரைபடத்தில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் பெரியதில் விழுவதற்கு இது ஒரு பழைய காரணம். `n`, `i`, `j` மூன்றையும் `size_t` என்று அறிவித்தால் 64 பிட் கணினியில் இந்தத் தொல்லை தீரும்.

வரிசைத் துண்டு எங்கே பொருந்தும்

இதே மலையிலிருந்து சமவுயரக் கோடுகளை வரைகிறோம் என்றால் நிலைமை வேறு. 2600 மீட்டர் கோடு ஒரு சிகரத்தைச் சுற்றிச் சில நூறு புள்ளிகளில் முடிந்துவிடலாம். 1000 மீட்டர் கோடு மலைச்சரிவு முழுக்க வளைந்து பல்லாயிரம் புள்ளிகள் கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் நீளமான கோட்டின் அளவே இடம் ஒதுக்கினால் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் தேவையான அளவு தனித் துண்டு, அவற்றுக்கு ஒரு பாயிண்டர் பட்டியல் என்பதே இங்கே சரி. சி மொழியில் `main` ஃபங்ஷனுக்கு வரும் `char **argv` இதே அமைப்புதான். கட்டளையில் எழுதிய சொற்கள் வெவ்வேறு நீளம் என்பதால்.

வரிசைகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருந்தாலும் பட்டியல் உதவும். 7202 பைட்டை நகர்த்துவதற்குப் பதில் இரண்டு பாயிண்டர்களை மாற்றிப்போட்டால் வேலை முடிந்தது. இதற்காகச் சிலர் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள்: உயரங்களுக்கு ஒரே துண்டு, அதன் மேல் வரிசைகளைக் காட்டும் ஒரு பட்டியல்.

```c
int16_t *block = malloc(n * n * sizeof *block);
int16_t **h = malloc(n * sizeof *h);
for (size_t i = 0; i < n; i++)
    h[i] = block + i * n;
```

இது நல்ல ஏற்பாடு. ஒரே எச்சரிக்கை: விடுவிக்கும்போது `free(h[0])` என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. வரிசைகளை இடம் மாற்றிய பிறகு `h[0]` துண்டின் நடுவே எங்கோ காட்டிக்கொண்டிருக்கும். அப்போது `free(): invalid pointer` போன்ற செய்தியோடு புரோகிராம் நிற்கும். `block` என்ற முதல் பாயிண்டரைப் பத்திரமாக வைத்திருந்து அதைத்தான் விட வேண்டும்.

இரண்டின் வசதியும் ஒரே வரியில்

வரிசைகள் சம நீளம், இடம் மாறாது என்றால், 1999இல் வந்த சி தரம் ஒரு நேர்த்தியான வழியைத் தந்திருக்கிறது:

```c
int16_t (*h)[n] = malloc(n * sizeof *h);
```

`h` என்பது `n` எண்கள் கொண்ட ஒரு முழு வரிசையைக் காட்டும் பாயிண்டர். அந்த அடைப்புக்குறி கட்டாயம். அதை விட்டால் பொருளே மாறி, பாயிண்டர்களின் அரே ஆகிவிடும். இங்கே `sizeof *h` ஒரு வரிசையின் அளவான 7202. ஆகவே கேட்பது மொத்த இடம், கிடைப்பது ஒரே துண்டு. `h[i][j]` என்றே எழுதலாம். பெருக்கலைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன `fwrite` சரியாக வேலை செய்யும். `free(h)` ஒன்றே போதும். மைக்ரோசாஃப்ட்டின் விசுவல் சி++ மட்டும் இதை ஏற்காது; அங்கே `i * n + j` என்றுதான் எழுத வேண்டும்.

நீலகிரிச் சதுரம் போன்ற செவ்வக அரேக்களுக்கு இந்த ஒரே துண்டையே நான் பரிந்துரைப்பேன். சமவுயரக் கோடுகள் போன்றவற்றுக்குப் பாயிண்டர் பட்டியலை. பிறர் எழுதிய புரோகிராமில் எது இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். `&h[0][0]`, `&h[1][0]` இரண்டையும் `%p` போட்டு அச்சிட்டுப் பாருங்கள். வித்தியாசம் சரியாக ஒரு வரிசையின் அளவு, நம் கோப்பில் 7202, அதாவது பதினாறடிமான எண்ணில் `1c22` என்று வந்தால் எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றன. 7216 என்றோ வேறு ஏதோ என்றோ வந்தால் அவை தனித்தனித் துண்டுகள். அந்த அரேயை மொத்தமாக எழுதவோ நகலெடுக்கவோ கூடாது. ஒவ்வொரு வரிசையாகத்தான் செய்ய வேண்டும்.